திரும்பி வந்த காசோலை

குரோம்பேட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையில் காந்திமதி டெலிபோன் ஆப்பரேட்டர். மாடிப்படிக்குக் கீழே ஒரு மரத்தடுப்பு, அதற்குள் ஒரு நாற்காலி, ஒரு போர்டு. பதினேழு வருடமாக அந்த நாற்காலியில் உட்கார்ந்து, வெளியிலிருந்து வரும் குரல்களை உள்ளே இருப்பவர்களுக்கு இணைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளைக் கேட்டு யாரும் போன் செய்ததில்லை. அதனால் 1995 அக்டோபரில் ஒரு காலை, "மிஸ் காந்திமதி இருக்காங்களா?" என்று ஒரு ஆண்குரல் கேட்டபோது, பழக்க தோஷத்தில், "லைன்ல இருங்க சார்" என்று சொல்லிவிட்டாள். பிறகுதான், "நான்தான் பேசறேன்" என்றாள்.

"ஸ்ரீரங்கன் பேசறேம்மா. கூடுவாஞ்சேரி லேஅவுட். உங்க செக் ரிட்டர்ன் ஆயிருக்கு."

"எந்த செக் சார்?"

"கடைசி செக்குதான். பணம் போதலைன்னு மெமோ போட்டு அனுப்பியிருக்கான். நேர்ல வாங்க."

போர்டில் மூன்று விளக்குகள் ஒன்றாக எரிந்தன. அவள் எந்த வயரையும் செருகவில்லை. மேலே மூன்றாவது மாடியிலிருந்து நர்ஸ் இறங்கி வந்து கத்தும் வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

காந்திமதிக்கு அப்போது நாற்பத்தொரு வயது. கல்யாணம் ஆகவில்லை. அம்மா இருந்தவரை வரன் பார்த்தார்கள். அம்மா போன பிறகு அந்தப் பேச்சும் போய்விட்டது. அஸ்தினாபுரத்தில் தம்பி ரவியின் வாடகை வீட்டில், ஹாலில் பீரோவுக்கும் ஜன்னலுக்கும் நடுவே பாய் விரித்துப் படுத்துக்கொள்வாள். சம்பளத்தில் பாதியை வீட்டுச் செலவுக்குக் கொடுத்துவிடுவாள். அப்படியும் ரவியின் மனைவி கனகவல்லி, விருந்தாளிகள் வந்தால், "இவங்க எங்களோடதான் இருக்காங்க" என்பாள். அதை அவள் சொல்லும் விதத்தில், வந்தவர்கள் காந்திமதியைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள்.

மூன்று வருடம் முன்னால் மருத்துவமனைச் சுவரில் யாரோ ஒட்டிவிட்டுப் போன நோட்டீஸைப் பார்த்துத்தான் அவள் ஸ்ரீரங்கனின் ஆபீசுக்குப் போனாள். கூடுவாஞ்சேரி ஸ்டேஷனிலிருந்து உள்ளே தள்ளி அரைகிரவுண்டு மனை. முன்பணம் கொடுத்துவிட்டு, மாதம் தொள்ளாயிரம் ரூபாய் வீதம் முப்பத்தாறு தவணை. எல்லாத் தவணைக்கும் பின்தேதியிட்ட காசோலைகளை முதலிலேயே வாங்கிக்கொண்டார்கள். அதற்காகவே அவள் வங்கியில் செக் புத்தகத்தோடு சேமிப்புக் கணக்கு ஆரம்பித்தாள். செக் புத்தகம் இருந்தால் கணக்கில் எப்போதும் ஐந்நூறு ரூபாய்க்குக் குறையக் கூடாது, குறைந்தால் அரையாண்டுக்குப் பத்து ரூபாய் பிடிப்பார்கள் என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். அந்த ஐந்நூறை அவள் தொட்டதே இல்லை. காய்ச்சல் வந்தபோது தொடவில்லை. கனகவல்லியின் தங்கை வளைகாப்புக்கு எல்லோரும் புடவை எடுத்தபோதும் தொடவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் சில சமயம் ரயிலேறிப் போய் மனையைப் பார்த்துவிட்டு வருவாள். நாலு கல்லும் கொஞ்சம் முள்செடியும்தான் இருந்தன. சமையலறை எந்தப் பக்கம் வர வேண்டும் என்று நின்று யோசித்துவிட்டு, அடுத்த வண்டியில் திரும்பிவிடுவாள். அங்கே போனதை வீட்டில் சொல்லமாட்டாள்.

கடைசித் தவணைக்கு முந்தைய மாதம் ரவி அவளிடம் ஐந்நூறு ரூபாய் கைமாற்று கேட்டான். "ஒண்ணாந்தேதி குடுத்துடறேன்க்கா" என்றான். கொடுக்கவில்லை. அதனால்தான் அக்டோபரில் கணக்கில் போட அவளிடம் நானூறுதான் இருந்தது. ஏற்கெனவே கிடந்த ஐந்நூற்றெட்டோடு சேர்த்தால் தொள்ளாயிரத்தெட்டு. இது கடைசிக் காசோலை. இதற்குப் பிறகு ஐந்நூறுக்குக் குறைந்தால் குறையட்டும், அடுத்த அரையாண்டுக்கு அந்தப் பத்து ரூபாயைக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று கணக்குப் போட்டாள். பணம் கட்டும்போது பாஸ்புக்கை நீட்டினாள். "ஹாஃப் இயர்லி குளோசிங் நடக்குதும்மா. பாஸ்புக் என்ட்ரி இருபதாந்தேதிக்கு மேல" என்று கவுன்டரில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

போன் வந்த மறுநாள், சாப்பாட்டு நேரத்தில் அனுமதி கேட்டுக்கொண்டு வங்கிக்கு ஓடினாள். லெட்ஜர் பக்கம் இருந்த ஹாஜா மைதீன் என்ற கிளார்க் அவளுடைய கணக்கைப் புரட்டிப் பார்த்தார்.

"எண்ணூத்தித் தொண்ணூத்தெட்டு இருந்திருக்கும்மா. செக் தொள்ளாயிரம். ரெண்டு ரூபா கொறைச்சல்."

"தொள்ளாயிரத்தெட்டு இருக்கணுமே சார்."

"செப்டம்பர் முப்பதாந்தேதி மினிமம் பேலன்ஸ் சார்ஜ் பத்து ரூபா டெபிட் ஆயிருக்கு. செக் ரிட்டர்ன் ஆனதுக்கு மேல ஒரு பதினஞ்சு."

"எனக்கு ஏன் சார் புடிச்சாங்க? ஏப்ரல்லேர்ந்து செப்டம்பர் வரைக்கும் ஒரு நாள்கூட ஐந்நூறுக்குக் கீழ போனதில்லையே. நீங்களே பாருங்க."

ஹாஜா மைதீன் பார்த்தார். பக்கம் முழுதும் விரலை மேலிருந்து கீழே ஓட்டினார். பிறகு மானேஜர் அறையைக் கண்ணால் காட்டினார். "உள்ள போய்ச் சொல்லுங்க."

மானேஜர் வேதசிரோமணி மேசையில் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்திருந்தார். அவளை உட்காரச் சொல்லவில்லை. சொன்னதைப் பாதிவரை கேட்டார்.

"பத்து ரூபாய்க்கா லஞ்ச் டைம்ல வந்தீங்க?"

"பத்து ரூபா இல்ல சார். அதனால செக் திரும்பிடிச்சு. என் மனை போயிடும்."

"செக் குடுக்கறவங்க கணக்குல பணம் இருக்கான்னு பாத்துட்டுக் குடுக்கணும்."

"பாக்கத்தான் சார் பாஸ்புக் குடுத்தேன். என்ட்ரி போட மாட்டேன்னுட்டாங்க. ரெண்டே ரூபாதான சார் கொறைஞ்சுது. ஒரு போன் பண்ணியிருந்தா ஓடி வந்து கட்டியிருப்பேன். பக்கத்துலதான் இருக்கேன்."

வேதசிரோமணி சிரித்தார். வெளியே வரிசையில் நின்றவர்களுக்குக் கேட்கும்படி, "ரெண்டு ரூபாயும் கொறைச்சல்தான், ரெண்டு லட்சமும் கொறைச்சல்தான். கஸ்டமர் ஒவ்வொருத்தருக்கும் போன் போட நான் என்ன டெலிபோன் ஆப்பரேட்டரா?" என்றார்.

அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்று அவருக்குத் தெரியாது. அதனால் அவர் வேண்டுமென்று சொன்னதாகவும் அவள் எண்ணவில்லை. இருந்தும் முகம் எரிந்தது. "எழுதிக் குடுக்கறேன் சார்" என்றாள். "குடுங்க, பாக்கலாம்" என்று அவர் டிபன் பாக்ஸை மூடினார்.

அன்று சாயங்காலம் தாம்பரத்தில் ஸ்ரீரங்கனின் ஆபீசுக்குப் போனாள். கையில் தொள்ளாயிரம் ரொக்கம் வைத்திருந்தாள், நர்ஸ் ஒருத்தியிடம் கடன் வாங்கியது. ஸ்ரீரங்கன் காப்பி வரவழைத்தார். ரொக்கத்தை வாங்கவில்லை.

"அக்ரிமென்ட் படிச்சுப் பாத்தீங்களாம்மா? ஒரு செக் திரும்பினாலும் கேன்சல் பண்ற ரைட் எங்களுக்கு உண்டு. கட்டினதுல இருவது பர்சன்ட் புடிச்சுக்கிட்டு மிச்சத்தைத் தருவோம். நானா இருந்தா விட்டுடுவேன். பார்ட்னர் ஒத்துக்க மாட்டார்."

"முப்பத்தஞ்சு செக் ஒழுங்கா வந்திருக்கே சார்."

"அதுதாம்மா எனக்கும் வருத்தம்." அவர் குரலில் வருத்தம் நிஜமாகவே இருந்தது. அந்த லேஅவுட்டில் அவள் பதிவு செய்த நாளில் இருந்த விலை இப்போது மூன்று மடங்காகியிருந்தது. அதை அவர் சொல்லவில்லை. "ஒண்ணு பண்ணுங்க. தப்பு பேங்க் மேலன்னு பேங்க் லெட்டர்ஹெட்ல எழுதி வாங்கிட்டு வாங்க. பார்ட்னர்கிட்டப் பேசி ரிஜிஸ்டர் பண்ணித் தந்துடறேன். மாசக் கடைசிக்குள்ள."

வீட்டில் அவள் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. ரவி முழுதும் கேட்டுவிட்டு, "ஏன்க்கா, எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் குடுத்திருக்க மாட்டேனா?" என்றான். கொடுக்க வேண்டிய ஐந்நூறைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. கனகவல்லி சோற்றைப் பரிமாறியபடியே, "ஒத்தையா இருக்கறவங்களுக்கு எதுக்கு நெலம் நீச்செல்லாம்" என்றாள். "மனை எத்தனாவது நம்பர்க்கா? கார்னரா?" என்று ரவி கேட்டான். சொன்னாள்.

புகார் எழுதிக் கொடுத்த பிறகு நாலு முறை வங்கிக்கு நடந்தாள். முதல் முறை, மானேஜர் மீட்டிங்குக்குப் போயிருக்கிறார் என்றார்கள். இரண்டாம் முறை, புகார்க் கடிதத்தைக் காணோம், இன்னொன்று எழுதுங்கள் என்றார்கள். எழுதினாள், இந்த முறை நகலில் முத்திரையும் கையெழுத்தும் கேட்டு வாங்கிக்கொண்டாள். அதற்கே முக்கால் மணி நேரம் நிற்கவைத்தார்கள். மருத்துவமனையில் தாமதத்துக்கு அரை நாள் சம்பளம் பிடித்தார்கள்.

மூன்றாம் முறை போனபோது ஹாஜா மைதீன் அவளை ஓரமாக அழைத்தார்.

"கண்டுபுடிச்சுட்டேம்மா. பேலன்ஸ் கொறைஞ்ச அக்கவுன்ட் லிஸ்ட்ல இருக்கறது ரெண்டாயிரத்து முன்னூத்திப் பதினேழு. உங்களுது ரெண்டாயிரத்து முன்னூத்தி எழுபத்தொண்ணு. வவுச்சர் எழுதினவங்க நம்பரை மாத்திப் போட்டுட்டாங்க. வேற யாருக்கோ போட வேண்டிய பத்து ரூபா உங்க தலைல விழுந்திருக்கு."

"அப்போ லெட்டர் குடுத்துடுவாங்களா?"

ஹாஜா மைதீன் மானேஜர் அறைப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "பணத்தைத் திருப்பிப் போட்டுடுவாங்க. லெட்டர்தான் கஷ்டம். செக்கைத் தப்பா திருப்பிட்டோம்னு எழுதிக் குடுத்தா நீங்க நஷ்டஈடு கேக்கலாம். அதுக்குத்தான் அவர் பயப்படறார். இன்னொண்ணும் சொல்றேன். அரை வருஷ வட்டி உங்களுக்குப் பதினோரு ரூபா சொச்சம் வரணும். அதைப் போட்டிருந்தாலும் செக் பாஸ் ஆயிருக்கும். புடிக்கறதை முப்பதாந்தேதியே புடிச்சாச்சு. வட்டி இன்னும் போடலை."

அவள் கவுன்டர் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் அழவில்லை. வங்கியில் அழுதால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும், தண்ணீர் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

வேதசிரோமணி இந்த முறை உட்காரச் சொன்னார். "பத்தும் பதினஞ்சும் இருபத்தஞ்சு ரூபா, இன்னிக்கே கிரெடிட் பண்ணச் சொல்லிட்டேன். சந்தோஷமா?"

"லெட்டர் வேணும் சார்."

"அதான் பணம் வந்தாச்சே."

"பேங்க் தப்புன்னு எழுதி வேணும். மாசக் கடைசிக்குள்ள குடுக்கலைன்னா மனை போயிடும் சார். மூணு வருஷம் கட்டியிருக்கேன்."

"ரீஜனல் ஆபீஸ் அனுமதி இல்லாம நான் அப்படி எழுத முடியாது. ரெண்டு வாரமாவது ஆகும்." ஒரு வெள்ளைத் தாளை அவள் பக்கம் தள்ளினார். "நீங்களும் ஒண்ணு எழுதித் தரணும். இந்த விஷயத்துல எனக்கு முழுத் திருப்தி, பேங்க் மேல வேற எந்தக் கோரிக்கையும் இல்லைன்னு. அது இருந்தாத்தான் மேல அனுப்புவேன்."

அவள் வெளியே வந்து ஹாஜா மைதீனைப் பார்த்தாள். அவர் லெட்ஜரில் குனிந்திருந்தார், நிமிரவில்லை. அவருக்கும் குடும்பம் இருந்தது, பதவி உயர்வு பாக்கி இருந்தது. திரும்ப உள்ளே போய், மானேஜர் சொல்லச் சொல்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். மனையைவிட நஷ்டஈடு பெரிதில்லை என்று அப்போது நினைத்தாள்.

ஸ்ரீரங்கனிடம் அவகாசம் கேட்க வேண்டும். மருத்துவமனையில் அந்த வாரம் முழுதும் ராத்திரி வரை டியூட்டி போட்டு, இனி ஒரு மணி நேரம்கூட அனுமதி தர மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். போன் செய்தால் அவர் கிடைக்கவில்லை. நாளெல்லாம் ஊருக்கே லைன் கொடுப்பவளுக்கு அந்த ஒரு நம்பர் மட்டும் எப்போதும் எங்கேஜ்டாகவே இருந்தது.

"நான் போய்ப் பேசறேன்க்கா" என்றான் ரவி. "ஆம்பளை போனா ஒரு மரியாதை இருக்கும். அக்ரிமென்ட் காப்பியைக் குடு."

கொடுத்தாள். அன்று இரவு அவன் திரும்பி வந்து, "சொல்லிட்டு வந்திருக்கேன், கவலைப்படாதே" என்றான். அவளுக்குத் தம்பிமேல் பல வருடத்துக்குப் பிறகு பாசம் பொங்கியது. மறுநாள் சம்பளம் வந்ததும் அவனுக்குப் பிடித்த பால்கோவா வாங்கிக்கொண்டு போனாள்.

நவம்பர் பாதியில் கடிதம் வந்தது. நாலே வரி. கணக்கு எண் தவறால் கட்டணம் பிடிக்கப்பட்டது, அதனால் காசோலை திருப்பப்பட்டது, கட்டணங்கள் திருப்பி வரவு வைக்கப்பட்டன, வருந்துகிறோம். வேதசிரோமணியே உறையில் போட்டு நீட்டினார். "பாத்தீங்களா, பேங்க் உங்களுக்காக எவ்வளவு பண்ணியிருக்கு" என்றார்.

அவள் அந்தச் சனிக்கிழமை அரைநாள் விடுப்பெடுத்து, நல்ல புடவை கட்டிக்கொண்டு, தாம்பரம் போனாள். ஸ்ரீரங்கன் கடிதத்தை நிதானமாகப் படித்தார். மடித்து அவளிடமே கொடுத்தார்.

"இது எதுக்கும்மா இப்போ? உங்க தம்பிதான் முடிச்சுட்டாரே."

"என்ன முடிச்சுட்டான்?"

"மனையை. இன்னைய ரேட்டுக்கு வாங்கிட்டார். போன வெள்ளிக்கிழமை அவங்க மிஸஸ் பேர்ல ரிஜிஸ்டர் ஆயிடுச்சு. வந்த அன்னிக்கே அட்வான்ஸ் குடுத்துட்டார். உங்களுக்குத் தெரியும்னுதான் சொன்னார்." அவர் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு காசோலையை எடுத்தார். "இது உங்க ரீஃபண்ட். இருவது பர்சன்ட் போக. இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க."

காந்திமதி கையெழுத்துப் போட்டாள். ஏன் போட்டாள் என்று பிறகு பலர் அவளிடம் கேட்டார்கள். கை தானாகப் போட்டது என்றுதான் அவளால் சொல்ல முடிந்தது.

வீட்டுக்குப் போனபோது ரவி டிவி பார்த்துக்கொண்டிருந்தான். அவள் ரீஃபண்ட் காசோலையை அவன் மடியில் போட்டாள். அவன் முதலில் தலை குனிந்தான், பிறகு நிமிர்ந்துவிட்டான்.

"எப்படியும் உனக்குக் கெடைக்கப் போறதில்லன்னு அந்த ஆளு சொல்லிட்டான்க்கா. வெளியாளுக்குப் போறதுக்குக் குடும்பத்துலயே இருக்கட்டுமேன்னுதான். நாளைக்கு வீடு கட்டினா உனக்கு ஒரு ரூம் இல்லாமலா போயிடும்?"

"லெட்டர் வர வரைக்கும் டைம் கேக்கறேன்னுதானேடா போனே?"

"லெட்டர் வரும்னு நான் நெனைக்கலை. பேங்க்காரன் என்னிக்குத் தப்பை ஒத்துக்கிட்டிருக்கான்?"

"அட்வான்ஸுக்குப் பணம் ஏது?"

கனகவல்லி உள்ளேயிருந்து பதில் சொன்னாள். "அதுக்கும் மிச்சத்துக்கும் என் நகை மொத்தத்தையும் வெச்சோம். யார் சொத்தையும் நாங்க எடுக்கலை. வட்டி கட்டிக்கிட்டிருக்கோம்." பிறகு வெளியே வந்து காசோலையைப் பார்த்தாள். அவள் குரல் இறங்கியது. "இதை அந்த பேங்க்ல போட்டு வெச்சா மறுபடியும் யாருக்கோ உள்ளதை உங்ககிட்டப் புடிச்சுப்பான். எங்ககிட்டக் குடுத்தீங்கன்னா நகையை மீட்டுடலாம். ரூம் உங்களுக்குத்தானே."

காந்திமதி காசோலையை அவன் மடியிலிருந்து எடுத்துக்கொண்டாள். அன்று சாப்பிடவில்லை. யாரும் சாப்பிடக் கூப்பிடவும் இல்லை.

திங்கட்கிழமை ஹாஜா மைதீனிடம் போனாள். ரிசர்வ் வங்கியில் இப்போது குறைதீர்ப்பு அதிகாரி என்று ஒருவரைப் போட்டிருக்கிறார்கள், வங்கி பதில் சரியில்லையென்றால் அங்கே எழுதலாம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். ஹாஜா மைதீன் நாற்காலி இழுத்துப் போட்டு அவளுக்காக ஃபைலை எடுத்துக் காட்டினார். மேலாக இருந்தது அவளே எழுதிக் கொடுத்த தாள். முழுத் திருப்தி, வேறு கோரிக்கை இல்லை.

"எழுதிப் பாக்கலாம்மா. ஆனா இதைத்தான் முதல்ல அவங்க முன்னாடி வெப்பாங்க" என்றார். "அன்னிக்கே நான் சொல்லியிருக்கணும்."

"சொல்லியிருக்கணும் சார்" என்றாள் அவள். அவ்வளவுதான் அவரிடம் சொன்னாள். புகார் எழுதினாள். சில மாதம் கழித்து, கட்டணம் திருப்பித் தரப்பட்டுவிட்டது, புகார்தாரரே திருப்தி தெரிவித்துவிட்டார், எனவே கோப்பு முடிக்கப்பட்டது என்று பதில் வந்தது.

அதற்கு முன்பே அவள் மேற்குத் தாம்பரத்தில் வேலைக்குப் போகும் பெண்களுக்கான விடுதிக்கு மாறியிருந்தாள். ஒரு அறையில் மூன்று கட்டில். ஜன்னலோரக் கட்டில் அவளுக்குக் கிடைத்தது. ரவி தடுக்கவில்லை. பெட்டியை ஆட்டோவில் ஏற்றிக் கொடுத்தான். அந்த ஐந்நூறு ரூபாயை அவன் கடைசி வரை தரவில்லை.

மூன்று வருடம் கழித்துக் கூடுவாஞ்சேரியில் வீடு எழும்பியது. புதுமனைப் புகுவிழாவுக்கு ரவியே விடுதிக்கு வந்து பத்திரிகை கொடுத்தான். போகக் கூடாது என்றுதான் இருந்தாள். கூடப்பிறந்தவன் ஒருத்தன்தான் என்று கூட இருந்த பெண்கள் சொன்னார்கள். போனாள்.

சமையலறையைத் தென்கிழக்கில் வைத்திருந்தார்கள். அவள் நினைத்து வைத்திருந்ததும் அங்கேதான். மாடியில் ஒரு அறை தனியாக இருந்தது, ஆனால் அதை ஏற்கெனவே காட்டாங்குளத்தூர் காலேஜ் பையன்கள் இரண்டு பேருக்கு வாடகைக்குப் பேசியிருந்தார்கள். பால் பொங்கியதும் கனகவல்லி பட்டுப்புடவை சரசரக்க அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு அறிமுகப்படுத்தினாள்.

"இவங்க எங்க நாத்தனார். இவங்க இல்லேன்னா இந்த எடமே எங்களுக்குக் கெடைச்சிருக்காது."

அவள் அதைக் கேலியாகச் சொல்லவில்லை. நன்றியோடுதான் சொன்னாள். அந்தப் பெண்கள் காந்திமதியைப் பார்த்து, "உங்களுக்கு எவ்ளோ பெரிய மனசு" என்றார்கள். பந்தியில் பரிமாற ஆள் போதவில்லை என்று யாரோ வாளியைக் கொடுத்தார்கள். அவள் மூன்று பந்திக்குச் சாம்பார் ஊற்றினாள். நாலாவது பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டாள். பிறகு ஸ்டேஷனுக்கு நடந்தாள்.